திராட்சைச் சாறும் சர்க்கரைக் கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் என் தாய்மாமனுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. வயது அறுபத்து மூன்று. இரத்த அழுத்தத்திற்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு. சென்ற ஆண்டு அவருடைய மருத்துவர், "வீட்டிலேயே அளந்து எழுதி வாருங்கள்" என்றார். கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்க்கும் மின்கருவி ஒன்றும், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்றும் வாங்கினார்கள். மாமாவின் மகள் தன் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவி, அளவுகளை அதில் பதிந்து வந்தாள். பத்து நாள் கழித்துச் செயலி தானே ஒரு சுருக்கம் தந்தது: "சராசரிச் சர்க்கரை 161".

மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, நூத்தி அறுபத்தொண்ணுன்னா நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நான் இயற்பியல்காரன், மருத்துவன் அல்லன். நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் எப்படிப் பிறந்தது என்று பார்க்கலாம் அல்லவா? பதிவுகள் முழுவதையும் அனுப்பச் சொன்னேன்.

பதினோரு அளவுகள் இருந்தன. காலையில் வெறும் வயிற்றில் எடுத்தவை ஏழு: 122, 118, 126, 243, 120, 124, 119. காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தவை நான்கு: 196, 208, 190, 202. எல்லாம் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்ற கணக்கு. பதினொன்றையும் கூட்டினால் 1768. பதினொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 161. செயலி கணக்கில் பிழை செய்யவில்லை. ஆனால் பட்டியலை மீண்டும் பாருங்கள். 161க்குப் பக்கத்தில் ஓர் அளவாவது இருக்கிறதா? ஒன்றுமில்லை. 120ஐச் சுற்றி ஒரு கூட்டம், 200ஐச் சுற்றி ஒரு கூட்டம், தனியே ஒரு 243. இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆளில்லாத இடத்தில் போய் நிற்கும் பேருந்தைப் போல அந்தச் சராசரி நிற்கிறது.

வெறும் வயிற்றுச் சர்க்கரையும் உணவுக்குப் பிந்திய சர்க்கரையும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. முதலாவது, இரவெல்லாம் கல்லீரல் இரத்தத்தில் விடும் குளுக்கோஸை உடல் எப்படிச் சமாளித்தது என்று காட்டுகிறது. இரண்டாவது, உண்ட உணவை எப்படிச் சமாளித்தது என்று காட்டுகிறது. இவற்றைக் கலந்தால் இரண்டு விடையும் கெடும். நல்ல செயலிகளில் ஒவ்வொரு அளவோடும் உணவின் தொடர்பைக் குறிக்க இடம் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் Health Connect சேமிப்பில் அந்தக் கட்டத்தின் பெயர் relationToMeal. வெறும் வயிறு, உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். மாமா மகள் அதைத் தொடவே இல்லை. எண்ணை மட்டும் தட்டிவிட்டாள். எது வெறும் வயிறு என்பதை நான் நேரத்தைப் பார்த்தும் அவளைக் கேட்டும் பிரித்தேன்.

இனி அந்த 243. மற்ற ஆறும் 118க்கும் 126க்கும் இடையில் இருக்க, இது மட்டும் ஏன் இரட்டிப்பாகத் தாவியது? கருவியின் பிழை என்று உடனே தள்ளிவிடக் கூடாது. குளுக்கோமீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரம், 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுகளாவது ஆய்வகத்தின் அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. அப்படியானால் உண்மையில் 120 இருக்கும் இரத்தம் கருவியில் 102 என்றும் காட்டலாம், 138 என்றும் காட்டலாம். எனவே நேற்று 118, இன்று 124 என்று கவலைப்படுவது வீண். ஆனால் 15 விழுக்காடு 243 வரை கொண்டுபோகாது.

அந்தப் பதிவின் நேரம் துப்புக் கொடுத்தது. மற்றவை எல்லாம் காலை ஆறு மணியை ஒட்டியவை. இது எட்டேகால். "அன்னிக்கு அறுப்பு. விடியக்காலையிலேயே தோட்டத்துக்குப் போயிட்டேன். திரும்பி வந்துதான் குத்தினேன். ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலை" என்றார் மாமா. கையைக் கழுவினீர்களா என்று கேட்டேன். "துண்டுல தொடைச்சேன்."

விடை அந்தத் துண்டில்தான் இருந்தது. பழுத்த திராட்சைச் சாற்றில் நூறு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை உண்டு. அதில் பாதி குளுக்கோஸ், மறுபாதி பிரக்டோஸ். ஆக, ஒரு டெசிலிட்டர் சாற்றில் 7500 மில்லிகிராம் குளுக்கோஸ். மாமாவின் இரத்தத்தில் அன்றும் வழக்கம்போல 120தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சோதனைப் பட்டை உறிஞ்சும் துளியில் x பங்கு சாறு கலந்திருந்தால் என்ன ஆகும்?

120 × (1 − x) + 7500 × x = 243

இதிலிருந்து x = 123 ÷ 7380. அதாவது அறுபதில் ஒரு பங்கு! பல கருவிகளின் பட்டைக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான இரத்தமே போதும். 0.6 மைக்ரோலிட்டர் என்று கொண்டால், அதில் வெறும் 0.01 மைக்ரோலிட்டர் சாறு கலந்தாலே 120 என்பது 243 ஆகிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. விரல் ரேகையின் பள்ளங்களில் காய்ந்து ஒட்டியிருந்தாலே போதும்.

இது என் கற்பனைக் கணக்கு மட்டுமன்று. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். உடல்நலம் உள்ளவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரிக்கச் செய்து, உடனே விரலில் குத்தி அளந்தபோது, சர்க்கரை மிக உயர்ந்து காட்டியது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்த பிறகும் உயர்ந்தே காட்டியது. குழாய் நீரில் கழுவிய பின்புதான் உண்மை அளவு வந்தது. மருந்துக்கடையில் பஞ்சு வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது. கழுவிய கையை நன்றாக உலர்த்தவும் வேண்டும். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்துப்போய் அளவு குறைந்து காட்டும்.

இதில் ஆபத்து என்ன? மாமா இன்சுலின் போடுபவராக இருந்து, 243ஐ நம்பி அளவைக் கூட்டியிருந்தால், இல்லாத சர்க்கரையைக் குறைக்க மருந்து போனதாகியிருக்கும். சர்க்கரை 70க்குக் கீழே சரிந்தால் நடுக்கமும் வியர்வையும் வரும். மேலும் சரிந்தால் நினைவே தப்பும். ஐயத்திற்கிடமான அளவு வந்தால் கையைக் கழுவி இன்னொரு முறை குத்திப் பார்ப்பதே வழி. மாமா மகள் அந்தப் பதிவை அழிக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன். பிடிக்காத அளவுகளை அழிக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. "திராட்சை அறுத்த கை, கழுவவில்லை" என்று குறிப்பு எழுதச் சொன்னேன். ஏழு வெறும் வயிற்று அளவுகளின் சராசரி 139. ஏறுவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 122. ஒற்றை விபத்து சராசரியை எவ்வளவு இழுத்துவிட்டது பாருங்கள்! இடைநிலை அளவோ பெரிதாக அசையவில்லை.

இரத்த அழுத்தப் பதிவில் வேறொரு வேடிக்கை. மேல் அழுத்தம் முதல் மூன்று நாள் 151, 149, 153. அடுத்த நான்கு நாள் 138, 140, 139, 137. மாத்திரை மாறவில்லை, உணவு மாறவில்லை. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர், நான்காம் நாள் ஏதோ மருந்து வேலை செய்தது என்றே நினைப்பார். நடந்தது இதுதான். முதல் மூன்று நாளும் மாமா கட்டிலில் உட்கார்ந்து, கையைத் தொடைமேல் தாழ்வாகப் போட்டு அளந்தார். நான்காம் நாள் மகள் ஒரு மேசையைக் கொண்டுவந்து கையை அதன்மேல் வைக்கச் செய்தாள்.

லோயர் கேம்ப் மின்நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரியாறு நீர் மலைமேலிருந்து பெரிய குழாய்களில் இறங்கி வருகிறது. கீழே வரவர நீரின் அழுத்தம் கூடுகிறது. நம் உடலின் இரத்தக் குழாய்களிலும் அதே விதிதான். கருவியின் பட்டை இதயத்தின் மட்டத்திற்குக் கீழே இருந்தால், இடையிலுள்ள இரத்தத் தூணின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். தாழ்வு 15 சென்டிமீட்டர், அதாவது 150 மில்லிமீட்டர் என்போம். இரத்தத்தின் ஒப்படர்த்தி 1.06, பாதரசத்தினுடையது 13.6.

150 × 1.06 ÷ 13.6 = 11.7

ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் சும்மா கூடிவிடுகிறது. மாமாவின் முதல் மூன்று நாள் சராசரி 151, பின் நான்கு நாள் சராசரி 138.5. வேறுபாடு 12.5. இவ்வளவு பொருந்தியது ஓரளவு தற்செயலே என்று ஒப்புக்கொள்கிறேன். நாளுக்கு நாள் அழுத்தம் இயல்பாகவே சில அலகுகள் ஏறி இறங்கும். ஆயினும் திசையும் அளவும் இயற்பியல் சொல்வதுதான். எனவே முதல் மூன்று நாளுக்கும் "கை தாழ்வு" என்று குறிப்பு எழுதினோம்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எப்போதாவது ஒருநாள் எடுக்கும் அளவு ஒரு புகைப்படம் என்றால், வீட்டில் வாரக்கணக்கில் எடுப்பது திரைப்படம். ஆனால் எல்லாக் காட்சிகளையும் ஒரே முறையில் எடுத்தால்தான் படம் விளங்கும். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காரவேண்டும். அரை மணி முன்பிருந்து காப்பி, தேநீர் கூடாது. காலையில் மாத்திரைக்கு முன்னும், மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளக்கவேண்டும். இதை ஏழு நாள் செய்து, முதல் நாளை விட்டுச் சராசரி காண்பது வழக்கம். வீட்டில் எடுத்த சராசரி 135க்கு 85ஐத் தாண்டினாலே அதிகம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மருத்துவமனையில் அந்த எல்லை 140க்கு 90. எனவே எங்கே அளந்தது என்பதும் தெரியவேண்டும்.

அவள் அதுவரை நாற்பது திரைப்படங்களை, அதாவது கைப்பேசித் திரையின் நகல்களை, வாட்ஸ்அப்பில் மருத்துவருக்கு அனுப்ப நினைத்திருந்தாள். வெளியே இருபது பேர் காத்திருக்கையில் அவர் எதைப் பார்ப்பார்? இரண்டாம் வாரம் மேசைமேல் கை வைத்து, கழுவிய விரலில் குத்தி, ஒவ்வொன்றையும் குறித்து அளந்தார்கள். பிறகு செயலியிலிருந்து ஒரே பக்க பி.டி.எஃப். எடுத்தார்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை முறை, காலை மாலை அழுத்தச் சராசரி தனித்தனியே, வெறும் வயிறும் உணவுக்குப் பின்னும் தனித்தனியே, சிறும அளவு, பெரும அளவு, மாத்திரைகளின் பெயரும் நேரமும், கீழே குறிப்புகள். பெரும அளவு என்ற கட்டத்தில் 184 என்றிருந்தது கண்ணில் பட்டுக் கருவியின் நினைவகத்தைத் திருப்பிப் பார்த்தபோது, அது உண்மையில் 148. தட்டும்போது இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போடவேண்டாம் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். அதுவும் சரிதான்.

ஒன்றை மட்டும் சுருக்கத்துக்காகக் காத்திருக்க விடக் கூடாது. அழுத்தம் 180க்கு 120ஐத் தாண்டி நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, ஒரு பக்கம் கை கால் தளர்வதோ இருந்தால், செயலியைத் திறக்காமல் 108ஐ அழைக்கவேண்டும்.

மருத்துவர் அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தாராம். வெறும் வயிற்று எண்ணைத் தாண்டி, உணவுக்குப் பின் என்ற வரியில் விரல் வைத்து, "காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஆறு இட்லி, சர்க்கரை போட்ட காப்பி இரண்டு டம்ளர். இரவு மாத்திரையை அவர் தொடவில்லை. காலை உணவைத்தான் மாற்றச் சொன்னார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனைக்கும் எழுதித் தந்து, அன்று ஆய்வகத்துக்கு வரும்போது குளுக்கோமீட்டரையும் எடுத்துவந்து, அதே நேரத்தில் ஒரு முறை குத்தி இரண்டு எண்ணையும் ஒப்பிடச் சொன்னார்.