நாட்டிலஸ் ஓட்டின் மூன்று மடங்குக் கணக்கு

நாட்டிலஸ், கணவாய்க்கு உறவான கடல் பிராணி. பிலிப்பைன்ஸ், பிஜி பக்கத்து ஆழ்கடலில் இருக்கிறது. அதன் ஓட்டைச் சரிபாதியாக அறுத்தால், உள்ளே ஒரு சுருளும் அதைக் குறுக்கே தடுக்கும் சிறு சுவர்களும் தெரியும். பிராணி குடியிருப்பது வாய்ப்பக்கத்துக் கடைசி அறையில் மட்டும். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பி, காலியான அறையை மிதப்பதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

கொசுவர்த்திச் சுருளும் சுருள்தான். ஆனால் அதில் வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மையத்திலும் விளிம்பிலும் ஒன்றே. நாட்டிலஸில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட அகலம். எவ்வளவு மில்லிமீட்டர் கூடுகிறது என்று தேடினால் நிலையான எண் எதுவும் அகப்படாது. எத்தனை மடங்கு என்று பார்த்தால்தான் அகப்படும்: ஏறத்தாழ மூன்று.

காரணம் ஓடு வளரும் விதம். கட்டி முடித்த பகுதியைப் பிராணியால் பெரிதாக்க முடியாது. வாயின் விளிம்பில் புதுச் சுண்ணாம்பைச் சேர்க்க மட்டுமே முடியும். உடலோ உருவம் மாறாமல் பருமனில் மட்டும் கூடுகிறது. அந்த உடலுக்கு ஓடு எப்போதும் பொருந்த வேண்டுமானால், சேர்க்கும் அளவு அப்போதைய அளவுக்கு விகிதமாக இருந்தாக வேண்டும். சிறிய வாய் கொஞ்சம் சேர்க்கும், பெரிய வாய் நிறையச் சேர்க்கும். கூட்டு வட்டியில் பணம் பெருகுவதும் இதே கணக்குதான்.

இதை எழுத x, y அச்சுகளைவிடத் துருவ ஆயங்கள் வசதி. மையத்திலிருந்து உள்ள தூரம் r. தொடங்கிய கோட்டிலிருந்து திரும்பிய கோணம் θ. இந்த இரண்டும் போதும். தொடக்கத் தூரத்தை a என்று வைத்தால்:

r = a · 3^(θ/360)

θ பாகையில். a = 10 மி.மீ. என்று கொள்வோம். கால் சுற்றில் தூரம் 13.2, அரைச் சுற்றில் 17.3, முழுச் சுற்றில் 30, இரண்டாம் சுற்று முடிவில் 90. பாடநூல்களில் இதையே r = a·e^(bθ) என்று எழுதியிருப்பார்கள். அங்கே θ ரேடியனில், e ஏறக்குறைய 2.718. சுற்றுக்கு மூன்று மடங்கு என்றால் b = 0.175. b பூஜ்யமானால் சுருள் வெறும் வட்டமாகிவிடும். b பெரிதாகப் பெரிதாகச் சுருள் வேகமாக விரியும். மையத்திலிருந்து வரும் கோடு சுருளை எந்த இடத்தில் வெட்டினாலும் கோணம் மாறாது. நம் ஓட்டில் அது சுமார் 80 பாகை. 1638-இலேயே டெகார்ட் இந்தச் சுருளைப் பற்றி எழுதியிருக்கிறார். சிப்பி, சங்குகளில் இதை அளந்து கணிதமாக்கியவர் ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்துப் பாதிரியார், ஆண்டு 1838.

அளக்கும்போது இடறும் இடம் மையம். அறுத்த ஓட்டில் 'இதுதான் மையம்' என்று துல்லியமாகப் புள்ளி வைப்பது கடினம். உள் சுற்றுகளில் தூரங்கள் சிறியவை என்பதால், ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விகிதம் கெட்டுவிடும். தப்பிக்க ஒரு வழி உண்டு. மையத்தின் வழியே ஒரு கோடு போட்டு, அதன் ஒரே பக்கத்தில் வெளிச்சுவர் வெட்டும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின் இடைவெளிகளை மட்டும் அளக்க வேண்டும். மேலே சொன்ன ஓட்டில் புள்ளிகள் 10, 30, 90-இல் விழும். இடைவெளிகள் 20, 60. விகிதம் மூன்று! கோட்டில் மையம் எங்கே என்று தெரியாமலேயே விடை கிடைத்துவிட்டது. மையத்தையும் இதிலிருந்தே பிடிக்கலாம்: வெளி இடைவெளி 60-ஐ (3 − 1)-ஆல் வகுத்தால் 30. நடுப் புள்ளியிலிருந்து உள்நோக்கி 30 மி.மீ. தள்ளி மையம்.

இதே அளவீடு ஒரு பிரபலமான கதையையும் கவிழ்க்கிறது. நாட்டிலஸ் ஓடு 'தங்க விகித'ச் சுருள் என்று படம் போட்டுப் பலர் சொல்வதுண்டு. அந்தச் சுருள் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் 1.618 மடங்கு விரிவது. முழுச் சுற்றுக்கு 6.85 மடங்கு. நாட்டிலஸ் மூன்றில் நிற்கிறது. இரண்டும் மடக்கைச் சுருள்கள் என்பது மட்டுமே ஒற்றுமை. ஸ்கேலை வைத்துப் பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

சமன்பாட்டுக்கும் எல்லை உண்டு. கணிதச் சுருள் மையத்தை நோக்கி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போகும். நிஜ ஓட்டுக்கோ முதல் அறை என்று ஒன்று இருக்கிறது. முட்டையிலிருந்து குஞ்சு வெளிவரும்போதே ஓடு ஏறத்தாழ ஓர் அங்குல அகலம். மறுமுனையிலும் அப்படித்தான். வளர்ச்சி முடியப்போகும் பிராணி கடைசிச் சுவர்களை நெருக்கிக் கட்டும். வாய் விளிம்பு தடித்துக் கறுக்கும். அறைக்கு அறை சீராகக் கூடிவந்த இடைவெளி வெளிமுனையில் திடீரென்று குறுகியிருந்தால் அது அளந்தவரின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது பருவம் எட்டிய நாட்டிலஸின் ஓடு.