வட்டி 'வேண்டாம்'-ஆ, 'வேண்டும்'-ஆ? மங்கலான போட்டோவில் இருக்கும் கையெழுத்தைப் படிப்பது எப்படி?

தாத்தா எழுதி வைத்த பழைய கடன் சீட்டு ஒன்று கிடைக்கிறது. ஊரில் இருக்கும் சித்தப்பா அதை போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். எடுக்கும்போது கை ஆடிவிட்டதால் எழுத்தெல்லாம் இழுபட்டுக் கிடக்கிறது. "என்ன எழுதியிருக்குன்னு யாராவது டைப் பண்ணிப் போடுங்கப்பா" என்கிறார். இப்படி ஒரு சீட்டை உதாரணமாக வைத்துக்கொண்டு, அதை எப்படிப் படிப்பது, புரியாத இடத்தை எப்படிக் காட்டுவது என்று பார்ப்போம்.

முதல் வேலை, ஒரிஜினல் போட்டோவைக் கேட்டு வாங்குவது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். அதையே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே வரும். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம்.

கை எந்தப் பக்கம் ஆடியது?

படத்தைப் பெரிதாக்கி, பேனா வைத்த புள்ளி ஒன்றைத் தேடுங்கள். அது பக்கவாட்டில் சின்னக் கோடாக நீண்டிருந்தால், கை இடவலமாக ஆடியிருக்கிறது என்று அர்த்தம். இப்படிப்பட்ட படத்தில் படுக்கைக் கோடுகள் ஓரளவு தப்பித்துவிடும். நிற்கும் கோடுகளும் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளும்தான் அழியும். கை மேலும் கீழும் ஆடியிருந்தால் இது அப்படியே தலைகீழ்.

நம்ம சீட்டில் ஆட்டம் பக்கவாட்டில்தான். தொகை 700-ஆ, 100-ஆ என்று முதல் பார்வையில் தெரியவில்லை. முதல் எண்ணின் கால் கரைந்துபோயிருக்கிறது, ஆனால் தலைக்கோடு கருப்பாக நிற்கிறது. அதே சீட்டில் மேலே 'ஆவணி 12' என்று இருக்கிறது. அந்த 1 வெறும் குச்சி, தலையில் கோடே இல்லை. ஆக, தாத்தா 1 எழுதும் விதம் இது இல்லை. அடுத்த வரியில் 'வரவு 200, பாக்கி 500' என்பது தெளிவாக இருப்பதால் கணக்கும் ஒத்துப்போகிறது. இந்த இடத்தில் கேள்விக்குறி தேவையில்லை, 700 என்றே எழுதலாம். சும்மா எல்லாச் சொல்லுக்கும் சந்தேகக்குறி போட்டால், நிஜமாகவே சிக்கலான இடம் எது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

சிக்கல் இருப்பது வட்டியில்

கடைசிக்கு முந்தைய வரியில் 'வட்டி வேண்...ம்'. நடுவில் இருப்பது 'டா'வா, 'டு'வா? 'டு' என்றால் ட-வின் அடிக்கோடு அப்படியே நீண்டு மேலே ஏறும். 'டா' என்றால் ட-வுக்கும் காலுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். பக்கவாட்டு ஆட்டம் விழுங்கியது சரியாக அந்த இடைவெளியைத்தான். ஒரே எழுத்துதான், அர்த்தமோ நேர் எதிர். பணம் வர வேண்டியவர் கண்ணுக்கு 'வேண்டும்' தெரியும், தர வேண்டியவர் கண்ணுக்கு 'வேண்டாம்' தெரியும்!

"தாத்தா தாராள மனசுக்காரர், வேண்டாம்னுதான் எழுதியிருப்பார்" என்று யாராவது சொல்லலாம். அது தாத்தாவைப் பற்றிய தகவல், தாளில் இருக்கும் தகவல் இல்லை. டைப் செய்யும்போது இரண்டையும் கலக்கக் கூடாது. சாட்சி பெயரும் இதே கதைதான். 'மு' தெரிகிறது, கடைசியில் 'ன்' தெரிகிறது. முருகனாகவும் இருக்கலாம், முனியனாகவும் இருக்கலாம்.

டைப் செய்தால் இப்படி வரும்:

ஆவணி 12
கருப்பையாவிடம் குடுத்தது ரூ.700
வரவு 200, பாக்கி 500
வட்டி [வேண்டாம் / வேண்டும்?]
சாட்சி மு[...]ன்

'குடுத்தது' என்பதை 'கொடுத்தது' என்று திருத்தவில்லை, கவனித்தீர்களா? அவர் எழுதியது அதுதான். அடைப்புக்குள் கேள்விக்குறி இருந்தால் சந்தேகமான வாசிப்பு, மூன்று புள்ளி இருந்தால் படிக்கவே முடியவில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கல்வெட்டு, பப்பைரஸ் படிப்பவர்களுக்கு 1931-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உருவான ஒரு முறையே உண்டு. சந்தேகமான எழுத்துக்கு அடியில் புள்ளி வைப்பார்கள். போன் கீபோர்டில் அது நடக்காத வேலை, நமக்குக் கேள்விக்குறியே போதும்.

வேறு வழி உண்டா?

தாள் இன்னும் சித்தப்பா கையில் இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லலாம். ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து சாய்வாக விழ வேண்டும். பேனா அழுத்திய பள்ளம்கூட அதில் தெரியும். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே தாளை வைத்து, மேலே போனைக் குறுக்காகக் கிடத்தி, டைமர் போட்டு எடுத்தால் ஆட்டம் இருக்காது. படத்தில் கான்ட்ராஸ்ட் கூட்டிப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் 'ஷார்ப்' ஆக்கித் தரும் ஆப்களை நம்பி 'டா'வா, 'டு'வா என்று முடிவு செய்யாதீர்கள். இல்லாத இடைவெளியையும் அது உண்டாக்கிவிடலாம்.

தாளே தொலைந்துவிட்டதா? அப்போது இரண்டு வாசிப்பும் அப்படியே இருக்கட்டும். டைப் செய்ததை யாருக்கு அனுப்பினாலும், கூடவே அந்த மங்கலான போட்டோவையும் சேர்த்தே அனுப்புங்கள்.