காத்திருப்பு நேரம் (கற்பித்தல்)

காத்திருப்பு நேரம் என்பது வகுப்பறையில் ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்ட பின்னரும், மாணவர் விடை கூறிய பின்னரும் நிலவும் அமைதியின் கால அளவைக் குறிக்கும். இக்கருத்தை அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் அறிமுகப்படுத்தினார். வகுப்பு முழுவதும் பங்குகொள்ளும் கலந்துரையாடலில் மாணவர் நினைவிலிருந்து ஒப்பிப்பதோடு நிற்கின்றனரா, காரணம் கண்டு பேசுகின்றனரா என்பதற்கும் இந்த அமைதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கண்டறிதல்

தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த ரோ, ஆசிரியர்கள் வினாவுக்குப் பின் சராசரியாக ஒரு வினாடியளவே காத்திருப்பதைக் கண்டார். அதற்குள் விடை வராவிட்டால் அவர்கள் வினாவைத் திருப்பிக் கேட்டனர், அல்லது வேறொருவரை அழைத்தனர். மாணவர் பேசி முடித்ததும் ஆசிரியர் குறுக்கிட எடுத்துக்கொண்ட நேரமும் ஒரு வினாடிக்கு மேற்படவில்லை. மேலும், திறமை மிக்கவர் என்று ஆசிரியர் கருதிய மாணவருக்குக் கூடுதல் நேரமும், பின்தங்கியவர் என்று கருதியவருக்குக் குறைந்த நேரமும் கிடைத்தன. நேரம் மிகுதியாகத் தேவைப்பட்டவருக்கே அது மறுக்கப்பட்டது எனலாம்.

இவ்விரு இடைவெளிகளையும் மூன்று வினாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" என்பதும் விடையின்மையும் குறைந்தன, அழைக்கப்படாதவர்களும் பேசினர். மாணவர் தம் கூற்றுக்குச் சான்று காட்டுவதும், ஒருவர் கருத்தை மற்றவர் மறுப்பதும், தாமே வினா எழுப்புவதும் மிகுந்தன. ஆசிரியரிடமும் மாற்றம் ஏற்பட்டது. அவர் கேட்கும் வினாக்களின் எண்ணிக்கை குறைந்து, வகை பெருகியது. பின்னர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கென்னத் டோபின் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து 1987இல் மதிப்பாய்வு செய்தார்.

இரண்டாம் இடைவெளி

வினாவுக்குப் பின்வரும் முதல் இடைவெளியே பலராலும் அறியப்பட்டது. ஆனால் கலந்துரையாடலின் தரத்தை உயர்த்துவதில் விடைக்குப் பின்வரும் இரண்டாம் இடைவெளியின் பங்கு பெரிது. மாணவரின் முதல் வாக்கியம் பெரும்பாலும் முழுமையற்றது. ஒரு கணம் அமைதி நிலவினால் அவரே அதை நீட்டுவார், திருத்துவார், அல்லது மற்றொருவர் தொடர்வார். ஆசிரியர் உடனே "சரி", "மிக நன்று" என்று கூறினாலோ விடையைத் தாமே திருப்பிச் சொன்னாலோ உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். அடிக்கடி வழங்கப்படும் பாராட்டு, தேடலைத் தடுக்கக்கூடும் என்று ரோ வாதிட்டார். பாராட்டை நற்பண்பாகவே கருதிப் பழகிய ஆசிரியர்களுக்கு இதை ஏற்பது எளிதன்று.

எடுத்துக்காட்டு

பனிக்கட்டி இட்ட குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் காணப்படுகின்றன. "இதன் பெயர் என்ன?" என்று கேட்டால் "ஒடுங்குதல்" என்ற ஒற்றைச் சொல்லே விடையாகும், அங்கு காத்திருப்பதால் பயனில்லை, ஏனெனில் சொல் நினைவில் இருக்கும் அல்லது இராது. "இந்தத் துளிகள் எங்கிருந்து வந்தன? எப்படித் தெரிந்துகொள்ளலாம்?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் மூன்று, நான்கு வினாடி பேசாதிருக்கிறார் என்க. ஒரு மாணவர், "குவளையிலிருந்து கசிந்தது" என்கிறார். ஆசிரியர் மறுக்கவில்லை, மீண்டும் அமைதி. அதே மாணவர், "ஆனால் சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் கசிவதில்லையே" என்று தம்மையே ஐயுறுகிறார். மற்றொருவர், "உள்ளே சிவப்பு மை கலந்து பார்ப்போம், கசிந்தால் துளியும் சிவக்கும்" என்கிறார். தவறான விடையிலிருந்து ஒரு சோதனை பிறக்கிறது. முதல் விடைக்கு உடனே "தவறு" என்றிருந்தால் ஐயமும் சோதனையும் வெளிப்பட்டிரா.

நடைமுறையில் எழும் இடர்கள்

மாணவரின் பெயரை முதலில் அழைத்துவிட்டு வினாவைக் கேட்டால் ஏனையோர் சிந்திப்பதை நிறுத்திவிடுவர். ஆகவே வினா, அமைதி, பெயர் என்ற வரிசையே பொருத்தமானது. காத்திருக்கும்போது "யோசியுங்கள், யோசியுங்கள்" என்று கூறுவதும் வினாவை வேறு சொற்களில் மாற்றிக் கேட்பதும் அமைதியைக் கலைப்பனவே. மாற்றப்பட்ட வினாவை மாணவர் புதிய வினாவாகக் கொண்டு முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

அமைதி மிக நீண்டால் அது தண்டனைபோல் தோன்றும். எவரும் பேசாவிடில் அருகிலிருப்பவருடன் சிறிது பேசவிட்டு, பின்பு வகுப்புக்குக் கூறச் செய்யலாம். பிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த "சிந்தி, இணை, பகிர்" முறை இவ்வாறு அமைந்தது.

தாம் போதிய அளவு காத்திருப்பதாக ஆசிரியருக்குத் தோன்றுவது நம்பத்தக்கதன்று. பேசுபவருக்கு இரண்டு வினாடியே நெடுநேரமாகத் தெரியும். பத்து நிமிட வகுப்பை ஒலிப்பதிவு செய்து, ஒவ்வோர் அமைதியையும் கடிகாரத்தால் அளந்து, ஆசிரியரின் தலையீடின்றி அடுத்தடுத்துப் பேசிய மாணவர் எத்தனை பேர் என எண்ணினால் உண்மை நிலை தெரியவரும்.