டைகுரோமேட் புட்டி: அன்றும் இன்றும்

எண்பதுகளில் கூடலூர் வட்டாரத்துப் பள்ளி ஆய்வகத்தில் பொட்டாசியம் டைகுரோமேட் புட்டியைக் கையில் எடுத்தால், லேபிளில் பெயர் இருக்கும், K₂Cr₂O₇ என்ற வாய்பாடு இருக்கும், மூலக்கூறு எடை இருக்கும். அதற்குக் கீழே ஒரு சிறிய பட்டியல்: குளோரைடு இத்தனை சதவீதத்துக்கு மேல் இல்லை, சல்பேட் இத்தனைக்கு மேல் இல்லை. சரக்கு எவ்வளவு சுத்தம் என்பதற்கு அந்தக் காகிதம் உத்தரவாதம் கொடுத்தது. மூடியைத் திறக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி, பல புட்டிகளில், ஒரு வரிகூடக் கிடையாது. மிஞ்சிப்போனால் சிவப்பில் ‘பாய்சன்’ என்று ஒரு சொல்.

அதற்கேற்றபடிதான் வேலையும் நடந்தது. பிளஸ் டூ செய்முறையில் ‘சால்ட்’ கொடுப்பார்கள். குளோரைடு என்று சந்தேகம் வந்தால் குரோமைல் குளோரைடு சோதனை. உப்போடு ஒரு சிட்டிகை டைகுரோமேட்டைச் சேர்த்து, அடர் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினால் செம்பழுப்பு ஆவி எழும். அதைச் சோடியம் ஹைட்ராக்சைடில் செலுத்தினால் மஞ்சள் நிறம் வரும். சோதனைக்குழாய் கறை பிடித்தால் டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் கலந்த ‘குரோமிக் ஆசிட்’டில் ஊறவைப்பார்கள். தரம்பார்த்தலில் கரைசலைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சி ஏற்றுவார்கள். கடைசியில் எல்லாம் தொட்டியில், அங்கிருந்து வெளியே ஓடைக்கு.

இன்று ஸ்ரீமதுரையிலிருந்து கூடலூருக்குப் படிக்கப் போகும் ஒரு பிள்ளை அதே சரக்கின் புதுப் புட்டியைக் கைபேசியில் படம் எடுத்து, “இதெல்லாம் என்ன சார்?” என்று கேட்டால், படத்தில் ஐந்து குறிகள் தெரியும். ஒவ்வொன்றும் முனையில் நிற்கும் சதுரம். சிவப்பு ஓரம், வெள்ளைப் பின்னணி, கறுப்புச் சித்திரம். ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட உலகப் பொது முறையில் மொத்தம் ஒன்பது சித்திரங்கள். அவற்றில் ஐந்து இந்த ஒரே புட்டியில் இருக்கின்றன. பள்ளி அலமாரியில் இவ்வளவு குறிகளைத் தாங்கும் புட்டி வேறு கிடைப்பது அரிது. ஒவ்வொன்றாகப் படிக்கலாம்.

முதலாவது, வட்டத்தின் மேல் எரியும் சுடர். இதை ‘எளிதில் தீப்பிடிக்கும்’ என்று படிப்பது வழக்கமான பிழை. டைகுரோமேட் தானாக எரியாது. மற்றது எரிய ஆக்சிஜன் கொடுக்கும். அதனால் ஆல்கஹால், அசிட்டோன், கந்தகம், காகிதம் இருக்கும் தட்டில் இதை வைக்கக் கூடாது. மங்கலான படத்தில் இதற்கும் வெறும் சுடருக்கும் வித்தியாசம் தெரியாது. சுடருக்கு அடியில் வட்டம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சுடர் மட்டும் இருந்தால், அதுதான் எரியும் பொருள்.

இரண்டாவது, இரண்டு குழாய்களிலிருந்து திரவம் சொட்டி, ஒரு பக்கம் கையும் மறு பக்கம் உலோகமும் அரிபடும் படம். இந்தப் புட்டியில் அது தோலுக்கும் கண்ணுக்குமான எச்சரிக்கை. மூன்றாவது மண்டையோடும் எலும்பும். விழுங்கினாலோ, தூளை மூச்சில் இழுத்தாலோ அப்போதே விஷம்; சில கிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. வாயால் பிப்பெட் இழுக்கும் பழக்கத்துக்கு இந்த ஒரு படமே போதிய பதில். ரப்பர் பல்பு பொருத்தித்தான் உறிஞ்ச வேண்டும்.

நான்காவதில் ஒரு மனித உருவம், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தாற்போல ஒரு குறி. பிள்ளைகள் இதை ‘நெஞ்சுவலி’ என்பார்கள், ‘மூச்சுத்திணறல்’ என்பார்கள். அது காட்டுவது மெதுவாக வரும் கேடு: புற்றுநோய், மரபணுச் சேதம், கருவுக்கும் கருவளத்துக்கும் தீங்கு, மூச்சுக்குழாய் ஒவ்வாமை, திரும்பத் திரும்பப் பட்டால் உள்ளுறுப்புகள் கெடுவது. இவற்றில் எது என்பதைப் படம் மட்டும் சொல்லாது. டைகுரோமேட்டுக்கு இவை அத்தனையும் பொருந்தும். அதில் உள்ள ஆறு இணைதிற குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இலேயே வகைப்படுத்திவிட்டது. ஐந்தாவது, பட்ட மரமும் செத்த மீனும். நீர்நிலையில் கலந்தால் நெடுங்காலம் உயிர்களைக் கொல்லும் என்று பொருள்.

இப்போது இதே சரக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தால் லேபிள் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிறச் சதுரங்கள், மூன்றே மூன்று: வட்டச் சுடர், மண்டையோடு, மரமும் மீனும். அரிப்புக்குத் தனிப் படம் இல்லை. மண்டையோடு இருந்தால் அது கட்டாயமில்லை என்று அன்றைய விதி விட்டிருந்தது. புற்றுநோய்க்கும் தனிப் படம் இல்லை. அதுவும் மண்டையோட்டுக்குள்ளேயே அடங்கியது. இன்று விழுங்கினால் இன்றே சாகும் விஷத்துக்கும், இருபது ஆண்டு கழித்து நுரையீரலில் தலைகாட்டும் நோய்க்கும் ஒரே ஓவியம். விழுங்காதவரை பயமில்லை என்று மாணவர் நினைத்ததில் வியப்பில்லை. புது முறை செய்த பெரிய காரியம் அந்த மண்டையோட்டை இரண்டாகப் பிரித்ததுதான்: உடனே வரும் கேட்டுக்கு மண்டையோடு, பின்னால் வரும் கேட்டுக்கு வெடித்த நெஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் தனிப் பொருட்களுக்கு 2010 டிசம்பரிலும், கலவைகளுக்கு 2015 ஜூனிலும் இந்த முறையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் இதை முழுமையாகக் கட்டாயமாக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. ஏற்றுமதிக்காகவும் வழக்கமாகவும் பல நிறுவனங்கள் தாமே அச்சிடுகின்றன. அதனால் ஒரே அலமாரியில் மூன்று காலத்து லேபிள்கள் அடுத்தடுத்து நிற்கும்.

மண்டையோட்டை இரண்டாகப் பிரித்தது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பது கரைசல் தயாரிக்கும்போது தெரியும். தரம்பார்த்தலுக்கான 0.1 நார்மல் கரைசலில் லிட்டருக்கு 4.9 கிராம் டைகுரோமேட், அதாவது ஏறத்தாழ அரை சதவீதம். அந்த அளவில் வட்டச் சுடர் தேவைப்படாது, அரிப்புப் படம் தேவைப்படாது, மண்டையோடும் தேவைப்படாது. விதிக் கணக்குப்படி மரமும் மீனும்கூடப் போய்விடும். வெடித்த நெஞ்சு மட்டும் போகாது. புற்றுநோய்ப் பொருள் 0.1 சதவீதம் இருந்தாலே அந்தப் படம் வேண்டும்; இங்கே அதைப் போல ஐந்து மடங்கு இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் உடனடி ஆபத்து குறைகிறது, பின்னால் வருவது அப்படியே நிற்கிறது. ஆனால் பள்ளியில் பிள்ளைகள் கையாளும் கரைசல் புட்டியில்தான் பெரும்பாலும் எந்தப் படமும் இருப்பதில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் வாய்பாடு மட்டும் எழுதி ஒட்டியிருக்கும். கூடலூர் மழைக்காலத்து ஈரத்தில் அதுவும் பூசணம் பிடித்து உரிந்துவிடும்.

ஸ்ரீமதுரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. இஞ்சிக்கும் வாழைக்கும் மருந்தடிக்கும் வீடுகளில் முனையில் நிற்கும் சதுரம் புதிதல்ல. மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அந்தச் சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம்தான் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. அந்தப் பழக்கத்தில் ஆய்வகப் புட்டியைப் பார்த்தால் எல்லா ஓரமும் சிவப்பு, ஆகவே எல்லாமே கொடியது என்று தோன்றும். ஆய்வக லேபிளில் சிவப்புக்கு அளவே கிடையாது. அது வெறும் சட்டம். அளவைச் சொல்வது பக்கத்தில் உள்ள சொல்: ‘டேஞ்சர்’ என்றால் கடுமை, ‘வார்னிங்’ என்றால் அதைவிடக் குறைவு. மருந்து டப்பாவிலோ ‘டேஞ்சர்’ என்பது மூன்றாம் படியான நீலத்துக்குரிய சொல். சிவப்பிலும் மஞ்சளிலும் ‘பாய்சன்’ என்றுதான் இருக்கும். வயலில் நடுத்தரமாகப் பழகிய சொல் ஆய்வகத்தில் உச்சத்தைக் குறிக்கிறது. அப்பா மருந்தடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

படத்தை மட்டும் பார்த்து நிறுத்தவும் கூடாது. பெரிய படம் வந்தால் சிறிய படம் விலகிக்கொள்ளும் என்பது இந்த முறையின் விதி. டைகுரோமேட் தோலில் பட்டாலும் கேடு, தோல் ஒவ்வாமையும் தரும். தனியாக இருந்தால் இவற்றுக்கு ஆச்சரியக்குறிப் படம் வந்திருக்கும். மண்டையோடும் வெடித்த நெஞ்சும் இருப்பதால் அது அச்சாகாது. விடுபட்டதைப் படத்துக்கு அருகிலுள்ள H எண்கள் சொல்லும். H2 என்று தொடங்கினால் தீ, வெடிப்பு போன்றவை; H3 உடல்நலம்; H4 சூழல். H317 என்பது தோல் ஒவ்வாமை, H350 புற்றுநோய். ஆகவே புட்டியைப் படம் எடுப்பவர் சித்திரங்களை மட்டும் நெருங்கி எடுத்தால் பாதிச் செய்தி போய்விடும். லேபிள் வளைந்திருப்பதால் புட்டியைத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று படங்கள் எடுக்க வேண்டும். பெயர், எச்சரிக்கைச் சொல், H வரிகள் ஆகிய மூன்றும் தெளிவாக விழ வேண்டும். வெயில்பட்ட லேபிளில் சிவப்பு ஓரம் வெளிறிப்போயிருக்கும். நிறத்தை நம்பாமல் சித்திரத்தை நம்ப வேண்டும்.

மீனும் மரமும் உள்ள படத்துக்குத் தமிழ்நாட்டில் உரை எழுதியது ராணிப்பேட்டை. அங்கே குரோமேட் தயாரித்துத் தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட ஆலை, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் விட்டுப்போனது. நிலத்தடி நீர் மஞ்சளானது. பள்ளித் தொட்டியில் கொட்டுவது அதனோடு ஒப்பிடும் அளவு இல்லைதான். ஆனால் கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறும் புன்னம்புழாவும் கீழே கேரளத்துச் சாலியாற்றுக்குப் போகிறவை. மிச்சக் கரைசலைத் தனி ஜாடியில் சேர்த்து, ஆசிரியர் அமிலத்தன்மையில் பெரஸ் சல்பேட் இட்டால் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். ஆறு இணைதிறக் குரோமியம் மூன்றாக இறங்கியதற்கு அதுவே அடையாளம். பிறகு சுண்ணாம்பிட்டால் படியும் வண்டலைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். அது தொட்டிக்குப் போகாது.

லேபிளின் மிகப் பெரிய பயன் இரண்டு புட்டிகளை அருகருகே வைக்கும்போது தெரிகிறது. குளோரைடைக் கண்டுபிடிக்க டைகுரோமேட்தான் வேண்டுமென்பதில்லை. நைட்ரிக் அமிலம் சேர்த்த கரைசலில் வெள்ளி நைட்ரேட் விட்டால் தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு வரும், அம்மோனியாவில் கரையும். வெள்ளி நைட்ரேட் புட்டியில் உள்ளவை மூன்று படங்கள்: வட்டச் சுடர், அரிப்பு, மரமும் மீனும். ஊட்டி இந்துநகரில் 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் படச்சுருளுக்கு ஆதாரமாக இருந்ததும் இந்தச் சரக்குதான். ஒளிபட்டால் கறுக்கும் அதே குணம் விரலில் பட்டாலும் கறையாகத் தெரியும், சில நாளில் தோலோடு உதிரும். அதன் லேபிளில் வெடித்த நெஞ்சு இல்லை. வெள்ளி விலை கூடுதல், அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் பயன்படுத்துவார்கள். ஆய்வகத்துக்கு அதுவும் நல்லதே. எந்த வேதிப்பொருள் அலமாரியில் இருக்க வேண்டும் என்பதை அன்று பாடத்திட்டம் தீர்மானித்தது. லேபிளைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் இன்று குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட்டை எடுத்துக்கொண்டு, டைகுரோமேட்டைப் பூட்டியே வைக்கலாம்.