டிவிடெண்டுக்கு முந்தைய நாள் மாலை

இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தையின் ஆப்ஷன்களை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. 2011 முதல் அங்கே தனிப் பங்குகளின் ஆப்ஷன்களும் ஐரோப்பிய வகைதான். வாங்கியவர் தன் உரிமையை எக்ஸ்பைரி நாளில் மட்டுமே பயன்படுத்த முடியும். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தனிப் பங்குகளின் மேலும் இ.டி.எஃப்.களின் மேலும் உள்ள ஆப்ஷன்களை எந்த வர்த்தக நாளிலும் பயன்படுத்தலாம். அதனால் ஆப்ஷனை விற்றவருக்கு எந்தக் காலையிலும் அசைன்மென்ட் வந்துசேரலாம். வேலைக்காக அங்கே போய், ஓய்வு நேரத்தில் ஆப்ஷன் விற்றுப் பழகும் நம்மவர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

எந்த நாளிலும் வரலாம் என்றாலும், நடைமுறையில் கால் ஆப்ஷன்களுக்கு அது பெரும்பாலும் ஒரே ஒரு நாளில்தான் வருகிறது. அது எக்ஸ்-டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய வர்த்தக நாள். காரணம் எளிது. டிவிடெண்ட் பங்கு வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும், கால் ஆப்ஷன் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. எக்ஸ்-டிவிடெண்ட் காலையில் பங்கின் விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கும். அதோடு காலின் விலையும் இறங்கும். இந்த இழப்பைத் தவிர்க்க, முந்தைய நாளே உரிமையைப் பயன்படுத்திப் பங்கை வாங்கிக்கொள்வது காலை வைத்திருப்பவருக்கு லாபமாக அமையலாம்.

எப்போது லாபம்? முன்கூட்டியே பயன்படுத்துவதால் அவர் இரண்டை விட்டுக்கொடுக்கிறார். ஒன்று, பங்கு ஸ்டிரைக் விலைக்குக் கீழே விழுந்தால் கிடைத்திருக்கும் பாதுகாப்பு. அதன் விலை சந்தையிலேயே இருக்கிறது. அதே ஸ்டிரைக், அதே எக்ஸ்பைரி கொண்ட புட் ஆப்ஷனின் விலைதான் அது. இன்னொன்று, ஸ்டிரைக் தொகையை இப்போதே கட்டுவதால் போகும் வட்டி. டிவிடெண்ட் இந்த இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்தால், கணக்குத் தெரிந்த எவரும் உரிமையைப் பயன்படுத்திவிடுவார்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கு 62 டாலரில் இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை எக்ஸ்-டிவிடெண்ட். டிவிடெண்ட் 51 சென்ட். எக்ஸ்பைரிக்கு இன்னும் 8 நாள். ஒருவர் 50 டாலர் காலை விற்று, பாதுகாப்புக்காக 55 டாலர் காலை வாங்கி, ஸ்பிரெடாக வைத்திருக்கிறார். மொத்தம் 10 ஒப்பந்தம், அதாவது 1,000 பங்குகளுக்கு. பங்கு 52 டாலரில் இருந்தபோது பங்குக்கு 2 டாலர் வாங்கிக்கொண்டு இதை விற்றார். இரண்டு ஸ்டிரைக்குகளுக்கும் இடையே 5 டாலர் வித்தியாசம். ஆகவே எவ்வளவு போனாலும் பங்குக்கு 3 டாலர், மொத்தம் 3,000 டாலர்தான் போகும் என்பது அவர் கணக்கு.

50 டாலர் புட் 2 சென்ட்டில் இருக்கிறது. 50 டாலருக்கு 4 சதவீத வட்டியில் 8 நாள் வட்டி சுமார் 4 சென்ட். இரண்டும் சேர்ந்து 6 சென்ட். எதிரே 51 சென்ட் டிவிடெண்ட். அவர் விற்ற காலை வாங்கி வைத்திருப்பவர் இன்று மாலை சும்மா இருந்தால் பங்குக்கு 45 சென்ட் இழப்பார். அசைன்மென்ட் வரும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வந்தால் என்ன ஆகும்? வெள்ளி காலையில் அவர் கணக்கில் 1,000 பங்குகள் 50 டாலருக்கு விற்கப்பட்டு, ஷார்ட்டாக நிற்கும். 510 டாலர் டிவிடெண்டும் அவர் தலையில் விழும். பலரும் இந்த 510 டாலரைத்தான் நஷ்டம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பங்கும் 61.49-க்கு இறங்கியிருப்பதால், ஷார்ட்டை மூடும்போது அந்தப் பணம் திரும்பிவிடுகிறது. 11.49 டாலரும் 51 சென்ட்டும் சேர்ந்து 12 டாலர். நேற்று அந்தக் காலின் மதிப்பும் அதுவே. நஷ்டம் மறுபக்கத்தில் இருக்கிறது. அவர் கையிலுள்ள 55 டாலர் கால் நேற்று 7 டாலர் பெறும். இன்று காலை சுமார் 6.58-தான் பெறும். டிவிடெண்டோடு இறங்கிய விலையை ஈடுகட்ட அதற்கு எதுவும் இல்லை. 12-இல் 6.58 போக 5.42. முதலில் வாங்கிய 2 டாலரைக் கழித்தால் பங்குக்கு 3.42, மொத்தம் 3,420 டாலர் நஷ்டம். "இதற்கு மேல் போகாது" என்று நம்பிய எல்லையைத் தாண்டி 420 டாலர் போய்விட்டது.

எல்லோருக்கும் அசைன்மென்ட் வருவதில்லை. உரிமையைப் பயன்படுத்த மறந்துவிடுபவர்களும் உண்டு. வந்த அறிவிப்புகளை அமெரிக்காவின் ஆப்ஷன் தீர்வகமான ஓ.சி.சி. குலுக்கல் முறையில் புரோக்கர் நிறுவனங்களுக்குப் பிரித்துத் தரும். அவர்கள் தம் வாடிக்கையாளர்களுக்குப் பிரிப்பார்கள். இவையெல்லாம் இரவில் நடக்கும். விற்றவருக்கு மறுநாள் காலையில்தான் தெரியும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் சந்தை மூடும் மாலை 4 மணிக்கு முன்பே எச்சரிக்கை வந்தாக வேண்டும். இதை ஞாபகசக்தியிடம் விடாமல் ஒரு சின்ன நிரலிடம் விடுவதே நல்லது.

நிரல் தினமும் நியூயார்க் நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு ஓடட்டும். விற்று வைத்திருக்கும் ஒவ்வொரு காலுக்கும் அது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பங்கின் விலை ஸ்டிரைக்குக்கு மேலே இருக்கிறதா? எக்ஸ்பைரி நாளிலோ அதற்கு முன்போ எக்ஸ்-டிவிடெண்ட் தேதி வருகிறதா? அடுத்த வர்த்தக நாள்தான் அந்தத் தேதியா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் இந்தக் கணக்கைப் போட வேண்டும்:

```python
def edge(div, put_bid, strike, rate, days):
    interest = strike * rate * days / 365
    return div - put_bid - interest
```

விடை பூஜ்யத்துக்கு மேல் என்றால் எச்சரிக்கை. மேலே உள்ள உதாரணத்தில் இது 0.45 என்று வரும். புட்டுக்குக் கேட்கும் விலையை விட்டுவிட்டு, வாங்க முன்வரும் விலையை எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆழ்ந்த ஸ்டிரைக்குகளில் கேட்கும் விலை வெறுமனே உயரத்தில் நிற்கும். அதை நம்பினால் ஆபத்து இல்லாததுபோல் தோன்றும்.

நிரல் தவறுவது பெரும்பாலும் தேதியில்தான். எக்ஸ்-டிவிடெண்ட் திங்கட்கிழமை என்றால் முந்தைய நாள் ஞாயிறு அல்ல, வெள்ளி. விடுமுறைகளையும் சேர்த்த வர்த்தக நாட்காட்டி கட்டாயம் வேண்டும். எஸ்.பி.ஒய். இ.டி.எஃப். இன்னொரு பொறி. அதன் காலாண்டு எக்ஸ்-டிவிடெண்ட் வழக்கமாக மூன்றாவது வெள்ளியில் வரும். மாத ஆப்ஷன்கள் முடியும் நாளும் அதுவே. "நாளைதானே எக்ஸ்பைரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவருக்கு வியாழன் இரவே அசைன்மென்ட் வந்துவிடும். நிறுவனம் திடீரென்று அறிவிக்கும் சிறப்பு டிவிடெண்டுகள் பழைய பட்டியலில் இருக்காது. தேதியையும் தொகையையும் தினமும் புதிதாக எடுக்க வேண்டும்.

எச்சரிக்கை வந்தால் நேர்வழி, ஸ்பிரெடின் இரண்டு கால்களையும் ஒரே ஆர்டரில் மூடுவது. 5 டாலர் மதிப்புள்ளதை 5.05 கொடுத்து மூடினாலும் கூடுதலாகப் போவது 50 டாலர். மூடாமல் விட்டால் 420 போகக்கூடும். 55,000 டாலர் கையில் இருந்தால், வாங்கிய காலை அன்றே தாமும் பயன்படுத்திவிடலாம். ஆனால் அதற்குப் புரோக்கர் வைத்திருக்கும் கடைசி நேரத்தை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். காலை மட்டும் தனியாக விற்று, எதிரே பங்கை வைத்திருப்பவருக்குக் கதை வேறு: பங்கு ஒப்புக்கொண்ட விலைக்குப் போகும், எதிர்பார்த்த டிவிடெண்ட் வராது. அதை ஏற்க அவர் தயார் என்றால் எதையும் மூட வேண்டியதில்லை.

இதே மூன்று கேள்விகளில் இரண்டாவதை விற்பதற்கு முன்பே கேட்டுவிடலாம். எக்ஸ்-டிவிடெண்ட் தேதிக்கு முன்பே வரும் எக்ஸ்பைரியைத் தேர்ந்தெடுத்தால், டிவிடெண்டுக்காக வரும் அசைன்மென்ட்டுக்கு அங்கே இடமே இல்லை.