எடை தூக்கும்போது தசைக்குள் என்ன நடக்கிறது?

உடற்பயிற்சிக்கூடத்தில் கால்களால் எடையைத் தள்ளும்போது முதல் நான்கு முறை எளிதாக இருக்கும். ஆறாவது முறை கால் நடுங்கத் தொடங்கும். உங்கள் வயது மட்டுமே இதற்குக் காரணமன்று. தசையின் உடனடி ஆற்றல் குறைந்து வருவதும் ஒரு காரணம்.

உடனடி ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற பொருள் தேவை. அதிலிருந்து ஒரு பாஸ்பேட் பிரியும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. ஆனால், தசையில் இருக்கும் ஏடிபி கடும் உழைப்பில் சில நொடிகளுக்கே போதுமானது.

இங்குதான் கிரியேட்டின் உதவுகிறது. தசையில் உள்ள கிரியேட்டினின் பெரும்பகுதி ஒரு பாஸ்பேட்டைச் சுமந்தபடி காத்திருக்கும். ஏடிபி செலவானதும் அந்தப் பாஸ்பேட்டைக் கொடுத்து, அதை மீண்டும் உருவாக்குகிறது. பயண அட்டையில் பணம் குறைந்ததும் மீண்டும் நிரப்புவதைப் போன்றது இது. இதற்கு உயிர்வாயு தேவையில்லை என்பதால் உடனே நடக்கிறது. ஆனால், இந்தச் சேமிப்பும் சுமார் 10 நொடிகளில் பெருமளவு குறைந்துவிடும். பிறகு தசை சர்க்கரையையே அதிகம் நம்பியிருக்கும். அதிலிருந்து ஆற்றல் சற்று மெதுவாகவே கிடைக்கும்.

ஓய்வு ஏன் முக்கியம்?

ஒரு முறை தள்ள 3 நொடி என்றால், எட்டு முறைக்கு 24 நொடி ஆகும். அதன்பின் அரை நிமிடமே ஓய்வெடுத்தால், சேமிப்பில் ஏறக்குறைய பாதிதான் திரும்பியிருக்கும். அடுத்த சுற்றில் ஐந்தாவது முறையிலேயே கால் தளரலாம். 2 முதல் 3 நிமிடம் உட்கார்ந்திருந்தால், பெரும்பகுதி மீண்டும் நிரம்பும்.

கிரியேட்டின் மாவு தேவையா?

நம் உடலே கிரியேட்டினைத் தயாரிக்கிறது. மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தும் அது கிடைக்கிறது. சைவ உணவு உண்பவர்களின் தசையில் இதன் அளவு பொதுவாகக் குறைவாக இருக்கும். நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் மாவு சாப்பிட்டால், சில வாரங்களில் தசையின் சேமிப்பு கூடும். அதனால் ஒரு சுற்றில் ஓரிரு முறை கூடுதலாகத் தள்ள முடியலாம். எடைப் பயிற்சி செய்யாதவர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை. நடைப்பயிற்சிக்கும் இது அதிகம் உதவாது. தசையில் நீர் சேர்வதால், உடல் எடை ஒரு கிலோ அளவுக்குக் கூடலாம்.

இரத்தப் பரிசோதனைக்கு முன் கவனிக்கவும்

கிரியேட்டின் சிதையும்போது உண்டாகும் கழிவுப்பொருள் கிரியேட்டினின். மருத்துவர்கள் சிறுநீரகத்தின் செயல்பாட்டை இதை வைத்தே கணிக்கிறார்கள். கிரியேட்டின் மாவு சாப்பிடுபவருக்குச் சிறுநீரகம் நலமாக இருந்தாலும் இந்த அளவு சற்று உயரலாம். எனவே, மாவு சாப்பிடுவதைப் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், மாவை வாங்கும் முன்னரே மருத்துவரிடம் ஆலோசனை பெறவும்.