படம் மறைந்தால் கேபிளையே குறை சொல்ல வேண்டாம்

செட்டாப் பாக்ஸின் மெனு டிவியில் பளிச்சென்று தெரிகிறது. ஒரு 4கே படத்தைத் தேர்ந்தெடுத்து ஓடவிட்டதும் திரை கறுத்து, HDCP error என்று ஒரு வரி வருகிறது. கடையில் கேட்டால் விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். பல நேரம் அந்தச் செலவு தேவையே இல்லை.

எச்டிசிபி என்பது படத்தை யாரும் நகலெடுக்காமல் தடுக்க இன்டெல் நிறுவனம் உருவாக்கிய பூட்டு. பாக்ஸ் படத்தைப் பூட்டி அனுப்பும், டிவி திறந்து காட்டும். அதற்கு முன்னால், எதிரில் இருப்பது உரிமம் பெற்ற கருவிதானா என்று பாக்ஸ் விசாரித்துக்கொள்ளும். எச்டிஎம்ஐ பிளக்கில் இருக்கும் 19 பின்களில் படம் போகும் பின்கள் வேறு; இந்த விசாரணை நடப்பது 15, 16 ஆகிய இரண்டில். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே சோதனை தொடரும். பதில் சரியாக வராவிட்டால் பாக்ஸ் படத்தை நிறுத்திவிடும்.

மெனுவுக்குப் பூட்டு தேவையில்லாததால் அது தெரிந்துவிடுகிறது. ஆகவே மெனு தெளிவாக வந்து, படம் மட்டும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே மறைந்தால், கேபிளைவிடக் கருவிகளின் மீதுதான் எனக்குச் சந்தேகம் போகும்.

பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு பழைய சவுண்ட்பார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4கே படங்களுக்குப் பொதுவாக எச்டிசிபி 2.2 வேண்டும். பாக்ஸிலும் டிவியிலும் அது இருக்கிறது, சவுண்ட்பாரில் இருப்பதோ 1.4. நடுவில் நிற்கும் கருவியும் விசாரணைக்கு உட்பட்டதுதான் என்பதால், அதைத் தாண்டிப் படம் போகாது. எச்டிசிபிக்கு எந்தப் பதிப்பு என்பது கருவிக்குள் இருக்கும் சிப்பைப் பொறுத்தது. கேபிளுக்கு அப்படி ஒரு பதிப்பே கிடையாது. எனவே எவ்வளவு உயர்ந்த கேபிள் போட்டாலும் இந்தக் கோளாறு தீராது.

கண்டுபிடிப்பது எளிது. அதே கேபிளால் பாக்ஸை நேரடியாக டிவியில் இணையுங்கள். படம் ஓடினால் தடை சவுண்ட்பார்தான். பாக்ஸை அப்படியே டிவியில் விட்டுவிட்டு, ஏஆர்சி வசதி இருந்தால் சவுண்ட்பாரை டிவியில் ARC என்று எழுதிய போர்ட்டில் இணைத்தால் போதும். ஒலி மட்டும் டிவியிலிருந்து அதற்குப் போகும்.

நேரடியாக இணைத்தும் ஓடவில்லையா? டிவியின் வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள். தொடக்ககால 4கே டிவிகள் சிலவற்றில் ஓரிரு போர்ட்டுகளுக்கு மட்டுமே 2.2 உண்டு. எதிலும் ஓடாவிட்டால் பாக்ஸின் அமைப்பில் 1080p என்று மாற்றிப் பாருங்கள். துல்லியம் குறைந்தாலும் படம் வர வாய்ப்புண்டு.

கேபிள் கெட்டிருந்தால் அறிகுறியே வேறு. மெனுவிலும் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், பிளக்கை லேசாக அசைத்தால் படம் போய்ப் போய் வரும். அப்போது நல்ல, குட்டையான கேபிளாக வாங்கி மாற்றுங்கள்.

இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன், எல்லாக் கருவிகளையும் சுவிட்ச் போர்டிலேயே அணைத்து, ஒரு நிமிடம் கழித்து முதலில் டிவியையும் பிறகு பாக்ஸையும் போடுங்கள். விசாரணை புதிதாகத் தொடங்கும். எப்போதாவது வரும் கோளாறு பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.